அச்சடித்தது 500, அரசுக்குக் கிடைத்தது எவ்வளவு? செய்னியரேஜ் கணக்கில் விடை ஒத்துவரவில்லை

எண்ணிலி (இழையைத் தொடங்கியவர்)

பயிற்சித் தாளில் வந்த ஒரு கணக்கு. இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன், நகரவில்லை.

ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாட்டின் அடிப்படைப் பணம் 1000. முடிவில் 1500. விலைக் குறியீடு தொடக்கத்தில் 1, முடிவில் 1.6. நோட்டு அச்சடித்ததில் அரசுக்குக் கிடைத்த செய்னியரேஜ் எவ்வளவு, மக்கள் கட்டிய பணவீக்க வரி எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நான் போட்டது இப்படி. பண வளர்ச்சி 50 சதவீதம். மெய் பண இருப்பு 1500-ஐ 1.6-ஆல் வகுத்தால் 937.5. இரண்டையும் பெருக்கினால் செய்னியரேஜ் 468.75. அதே இருப்பைப் பணவீக்கம் 60 சதவீதத்தால் பெருக்கினால் பணவீக்க வரி 562.5.

பின்பக்கத்தில் இருக்கும் விடை 312.5, 375. இரண்டுமே என்னுடையதோடு ஒத்துவரவில்லை. இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அரசுக்குக் கிடைத்ததைவிட மக்கள் கட்டிய வரி எப்படி அதிகமாக இருக்க முடியும்? மீதி யார் கைக்குப் போனது?

தென்றல்77

விடைத்தாளில் பிழை இருக்கலாம், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செய்னியரேஜும் பணவீக்க வரியும் ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயர். நோட்டு 50 சதவீதம் கூடினால் விலையும் 50 சதவீதம் கூடும், அவ்வளவுதான். இங்கே பணம் 50, விலை 60 என்று கொடுத்ததே தப்பு. கணக்கு எழுதியவர் தூக்கத்தில் எழுதியிருப்பார்.

பழைய_கணக்கன்

விடை சரிதான் தம்பி. கேள்வியும் சரி. பல வருடம் இந்த மாதிரி எண்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால் சொல்கிறேன், நீங்கள் செய்த பிழையைச் சம்பளம் வாங்கும் ஆட்களும் செய்வார்கள்.

சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். அரசு புதிதாக 500 நோட்டை அச்சடித்துக் கடைக்குப் போகிறது. ஒரு நோட்டுக்கு எத்தனை பொருள் கிடைக்கும்? ஆண்டு முடிவு விலையில் போனால் 1.6 நோட்டுக்கு ஒரு பொருள். ஆக 500-க்கு 312.5 பொருள். விடை வந்துவிட்டது. செய்னியரேஜ் என்பது இதற்கு மேல் ஒன்றும் இல்லை: புதிய பணம், செலவழித்த அன்றைய விலையால் வகுத்தது.

அதைத்தான் பண வளர்ச்சி வீதம் பெருக்கல் மெய் இருப்பு என்று இரண்டு துண்டாகப் பிரித்து எழுதுகிறோம். அடிப்படைப் பணத்தை H என்று வைத்தால், பிரிக்கும்போது ஒரு H-ஆல் வகுத்து, அதே H-ஆல் பெருக்குகிறோம். நீங்கள் வகுத்தது தொடக்கத்து 1000-ஆல், பெருக்கியது முடிவில் உள்ள 1500-ஆல். இரண்டு H-யும் ஒன்றல்ல, அதனால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் நிற்கின்றன. கீழே உள்ள இரண்டில் எதைப் போட்டாலும் சரியாக வரும்:

```
(500/1000) × (1000/1.6) = 312.5
(500/1500) × (1500/1.6) = 312.5
```

ஆண்டுக்கு 3, 4 சதவீதம் பணம் வளரும் நாட்டில் இந்தக் கவனக்குறைவு வெளியே தெரியாது, தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 50 சதவீதத்தில் பாதிக்குப் பாதி தப்பாகிவிடும்.

இரண்டாவது பணவீக்க வரி. விலை 60 சதவீதம் ஏறினால் கையில் இருக்கும் பணம் 60 சதவீத மதிப்பை இழக்கிறதா? இல்லை. 1000 நோட்டு வைத்திருந்தவர் தொடக்கத்தில் 1000 பொருள் வாங்கலாம், முடிவில் 625 வாங்கலாம். இழந்தது 375, அதாவது 37.5 சதவீதம். பணவீக்கத்தை π என்று எழுதினால் வரி வீதம் π அல்ல, π/(1+π). நம்பிக்கை வராவிட்டால் விலை நான்கு மடங்காகும் வருடத்தில் உங்கள் முறையைப் போட்டுப் பாருங்கள். பணவீக்கம் 300 சதவீதம், ஆகவே பணம் தன் மதிப்பைப் போல மூன்று மடங்கை இழந்தது என்று வரும். நூறு இருந்த பையிலிருந்து முந்நூறு திருடுபோக முடியாது.

அந்த 37.5 சதவீதத்தைத் தொடக்க இருப்பின்மேல்தான் போட வேண்டும், ஏனென்றால் ஆண்டு முழுக்கக் கையில் இருந்து கரைந்தது அந்த 1000 மட்டுமே. கடைசி நாளில் அச்சகத்திலிருந்து வந்த நோட்டு எந்த விலையேற்றத்தையும் பார்க்கவில்லை.

எண்ணிலி

நன்றி ஐயா, 312.5-ம் 375-ம் புரிந்தது. ஆனால் இடைவெளி 62.5 இன்னும் தொண்டையில் நிற்கிறது. மக்கள் 375 இழந்தார்கள், அரசு 312.5 பெற்றது. நடுவில் யாரோ எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறதே.

கறிவேப்பிலை

இழைக்குப் பொருத்தமா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். நாலு வருடம் முன்னால் என் மச்சானுக்கு வட்டியில்லாமல் ஒரு தொகை கொடுத்தேன். போன மாதம் அதே தொகையைத் திருப்பிக் கொடுத்தார், ஒரு காசு கூடவும் இல்லை குறையவும் இல்லை. அன்றைக்கு அந்தப் பணத்துக்கு வாங்க நினைத்த பொருள் இன்று அதில் முக்கால்வாசிக்குத்தான் கிடைக்கிறது. அந்தக் கால்வாசியை அரசாங்கம் அச்சடித்து எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாமா? நடுவில் காணாமல் போன 62.5-ம் இப்படித்தானா?

பழைய_கணக்கன்

கறிவேப்பிலை, அந்தக் கால்வாசி அரசுக்குப் போகவில்லை. உங்கள் மச்சானிடம் இருக்கிறது. பணவீக்கம் கடன் கொடுத்தவரிடமிருந்து வாங்கியவருக்கு மதிப்பை மாற்றுகிறது. அது உண்மையான இழப்புதான், ஆனால் அதில் அச்சகத்துக்குப் பங்கில்லை. அரசு கட்டும் பணவீக்க வரிக் கணக்கில் வருவது மத்திய வங்கியின் வட்டியில்லாப் பொறுப்புகள் மட்டும்: மக்கள் கையில் உள்ள நோட்டு நாணயம், வங்கிகள் மத்திய வங்கியில் வைத்திருக்கும் கையிருப்பு. அரசே பத்திரம் போட்டுக் கடன் வாங்கியிருந்தால் அங்கே அரசுதான் மச்சான், அந்தக் கடனும் கரையும். அதைத் தனிக் கணக்காக எழுதுவதே வழக்கம்.

(மேலே ‘அரசு கட்டும்’ என்று எழுதிவிட்டேன், ‘அரசு வாங்கும்’ என்று படிக்கவும். கட்டுவது நாம்தான்.)

எண்ணிலி, 62.5-ஐ யாரும் எடுக்கவில்லை. மக்கள் தங்கள் 1000 பொருள் மதிப்புள்ள பண இருப்பை அப்படியே வைத்திருக்க விரும்பியிருந்தால் ஆண்டு முடிவில் அவர்கள் கையில் 1600 நோட்டு இருக்க வேண்டும். அதாவது புதிதாக 600 நோட்டைப் பொருளையும் உழைப்பையும் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். 600-ஐ 1.6-ஆல் வகுங்கள், 375. அப்போது வரியும் வருவாயும் சமம்.

அவர்கள் 500-தான் வாங்கினார்கள். கரைந்த 375-இல் 312.5-ஐ நிரப்பினார்கள், 62.5-ஐ நிரப்பாமல் விட்டார்கள். பானையில் ஓட்டை, தண்ணீர் கசிகிறது. பானையில் பழைய மட்டத்துக்கு ஊற்றவில்லை, கொஞ்சம் குறைவாக ஊற்றினார்கள். மெய் இருப்பு 1000-லிருந்து 937.5-க்கு இறங்கியது என்பது அதுதான்:

```
செய்னியரேஜ் = பணவீக்க வரி + மெய் இருப்பில் மாற்றம்
312.5 = 375 + (937.5 − 1000)
```

பணம் 50 சதவீதம் மட்டுமே கூடியும் விலை 60 சதவீதம் ஏறியதும் இதனால்தான். நோட்டைக் கையில் வைத்திருக்க ஆள் குறைந்துவிட்டது.

தென்றல்77

சரி, தூக்கத்தில் எழுதினார் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் நான் படித்த புத்தகத்தில் இரண்டும் ஒன்று என்றுதான் இருந்தது, அதையும் நான் கனவில் படிக்கவில்லை. விலைக் குறியீடு 1.6-க்குப் பதில் 1.5 என்று வைத்துப் பார்த்தேன். மெய் இருப்பு முதலிலும் 1000, முடிவிலும் 1000. செய்னியரேஜ் 500/1.5, அதாவது 333.3. வரி 1000-இல் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் 333.3. இரண்டும் ஒன்றே.

பழைய_கணக்கன்

புத்தகமும் நீங்களும் சொல்வது மெய் இருப்பு அசையாமல் நிற்கும்போது சரி. அசையாத நிலையைப் பற்றி எழுதிய அத்தியாயமாக இருக்கும். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. உற்பத்தி வளரும் நாட்டில் மக்களுக்கு வருடா வருடம் கூடுதல் பணம் தேவைப்படும். அந்தத் தேவை அளவுக்கு மட்டும் அச்சடித்தால் விலை ஏறாது. பணவீக்க வரி சுழியம், செய்னியரேஜ் உண்டு. யாரிடமிருந்தும் எதுவும் கரையாமல் வந்த வருவாய் அது.

சல்லிவேர்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். 312.5 என்பது ஆண்டுக் கடைசி நாளில் 500-ஐயும் மொத்தமாகச் செலவழித்தால் கிடைக்கும் எண். எந்த அரசு அப்படிச் செய்கிறது? மாதாமாதம் சம்பளம் போட அச்சடிப்பார்கள். ஜனவரியில் விலை 1.6 இல்லையே. பணமும் விலையும் பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக ஏறின என்று வைத்து மாதக் கணக்காகக் கூட்டினேன்.

```
H, P = 1000.0, 1.0
g, p = 1.5**(1/12), 1.6**(1/12)
S = T = 0.0
for k in range(12):
    S += H*(g - 1) / (P*p)
    T += (H/P) * (1 - 1/p)
    H, P = H*g, P*p
print(S, T, S - T)
```

செய்னியரேஜ் 385.1, வரி 447.6. விடைத்தாளில் இருப்பதைவிட இரண்டும் எழுபதுக்கு மேல் அதிகம். வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் அதே −62.5. நிரலில் ஏதோ தப்பு என்று முதலில் நினைத்தேன்.

பழைய_கணக்கன்

தப்பில்லை. அந்த வித்தியாசம் மெய் இருப்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை மட்டும் பார்ப்பது. நடுவில் எத்தனை துண்டாக வெட்டினாலும் அது மாறாது. துண்டை இன்னும் பொடியாக்கினால் செய்னியரேஜ் 393 அளவிலும் வரி 455 அளவிலும் போய் நிற்கும். யாராவது ஒரு செய்னியரேஜ் எண்ணையும் பணவீக்க வரி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் முதலில் சரிபார்ப்பது இதைத்தான். இரண்டின் வித்தியாசம் மெய் இருப்பின் மாற்றத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் வெவ்வேறு விலையால் வகுத்திருக்கிறார்கள், அல்லது ஒன்றில் அடிப்படைப் பணத்தையும் இன்னொன்றில் வங்கி வைப்பு சேர்ந்த பெரிய பணத்தையும் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பிழைதான் அதிகம் பார்க்கலாம். வங்கி வைப்பு சேர்ந்த பணம் அடிப்படைப் பணத்தைப் போலப் பல மடங்கு இருக்கும். அதைப் போட்டால் அரசு நாட்டின் பாதி உற்பத்தியை அச்சடித்தே வாங்கியது என்பது போன்ற விடை வரும்.

மாத எண் இல்லாமல் ஆண்டு எண் மட்டும் இருந்தால் 500-ஐ ஆண்டின் சராசரி விலையால் வகுப்பார்கள். இங்கே 1.3 என்று வைத்தால் 384.6, சல்லிவேர் மாதக் கணக்கில் கண்டதற்குப் பக்கத்தில் வருகிறது. விலை ஆண்டில் ஆயிரம் மடங்கு ஏறும் இடத்தில் அந்தச் சராசரிக்கு அர்த்தமே கிடையாது, அங்கே மாதக் கணக்குகூடப் போதாது.

தேர்வில் மட்டும் 312.5 என்றே எழுதுங்கள் எண்ணிலி. கொடுத்தது இரண்டே நாளின் எண்.

எண்ணிலி

எழுதிவிடுகிறேன். அடுத்த உட்பிரிவு இதைவிடச் சுவாரசியமாக இருக்கிறது: “அரசு பண வளர்ச்சியை இரட்டிப்பாக்கினால் வருவாய் இரட்டிக்குமா?” மெய் இருப்பு குறையும் என்பதால் இரட்டிக்காது என்று சொல்லத் தெரிகிறது. எந்த இடத்தில் வருவாய் ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய_கணக்கன்

இதற்குப் பிலிப் கேகன் 1956-இல் செய்த வேலைதான் இன்றுவரை எல்லோரும் தொடங்கும் இடம். முதல் உலகப் போருக்குப் பின்னும் இரண்டாம் போரின்போதும் அதற்குப் பின்னும் வந்த ஏழு பெரும் பணவீக்கங்களை எடுத்துக்கொண்டார். ஜெர்மனி, ஆஸ்திரியா, போலந்து, ரஷ்யா, கிரீஸ், ஹங்கேரியில் இரண்டு முறை. மாதத்துக்கு 50 சதவீதத்துக்கு மேல் விலை ஏறினால் அதி பணவீக்கம் என்ற அளவுகோலும் அவர் வைத்ததுதான்.

அவர் பார்த்தது: எதிர்பார்க்கும் பணவீக்கம் ஒவ்வொரு படி ஏறும்போதும் மக்கள் மெய் இருப்பை ஒரே விகிதத்தில் வெட்டுகிறார்கள். அந்த வெட்டின் வேகத்துக்கு α என்று பெயர் வைத்தார். பணவீக்கமே இல்லாத காலத்து மெய் இருப்பை c என்று வைத்தால், நிலையான பணவீக்கத்தில் வருவாய் இது:

```
S = π · c · exp(−α·π)
உச்சம்: π = 1/α
```

ஜெர்மனிக்கு அவர் கண்ட α 5.46, மாதக் கணக்கில். 1-ஐ அதனால் வகுத்தால் 0.183. இது தொடர்ச்சியான வீதம், மாதப் பணவீக்கமாக மாற்றினால் சுமார் 20 சதவீதம். அந்த இடத்தில் மக்கள் பணவீக்கமே இல்லாத காலத்தில் வைத்திருந்த மெய் இருப்பில் 37 சதவீதத்தை மட்டும் வைத்திருப்பார்கள். α எதுவாக இருந்தாலும் உச்சத்தில் இந்த 37 மாறாது என்பது சூத்திரத்தின் ஒரு சின்ன அழகு.

இப்போது 20-க்குப் பதில் மாதம் 50 சதவீதத்தில் நிலையாக ஓடவிட்டுப் பாருங்கள். வரி வீதம் இரண்டு மடங்குக்கு மேல். மெய் இருப்பு 37 சதவீதத்திலிருந்து 11-க்கு விழுகிறது. வருவாய் உச்சத்தில் கிடைத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அச்சகம் இரவு பகலாக ஓடுகிறது, கிடைப்பது குறைகிறது.

ஒற்றைப்பனை

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1922 ஆகஸ்ட் முதல் 1923 நவம்பர் வரை ஜெர்மனியில் சராசரிப் பணவீக்கம் மாதத்துக்கு 322 சதவீதம் என்று அதே கேகனின் அட்டவணை சொல்கிறது. 20-இல் உச்சம் என்றால் 322 வரை போனவர்கள் என்ன, கணக்குத் தெரியாதவர்களா? சூத்திரத்தில் 322-ஐப் போட்டால் வருவாய் உச்சத்தின் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அவ்வளவு காலம் அச்சடித்தே ஓட்டினார்களே, எப்படி? சூத்திரம்தான் தப்போ என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய_கணக்கன்

சூத்திரத்தில் உள்ள π நிலையான பணவீக்கம். மக்கள் அதைச் சரியாக எதிர்பார்த்து, அதற்கேற்ப இருப்பைக் குறைத்து முடித்த பிறகான நிலை. நிஜத்தில் எதிர்பார்ப்பு பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது என்று கேகனே வைத்தார். இந்த மாதம் 100 சதவீதம் ஏறும்போது மக்கள் போன மாதங்களின் 40, 50-ஐ மனதில் வைத்து நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் அரசு நிலையான உச்சத்தைவிட அதிகமாகவே எடுக்கலாம். ஆனால் மக்கள் எட்டிப் பிடிப்பதற்குள் இன்னும் வேகமாக ஓட வேண்டும். 322 என்பது போய்ச் சேர்ந்து நின்ற இடமல்ல, வேகம் கூடிக்கொண்டே போன ஓட்டத்தின் சராசரி.

இன்னொன்று வழக்கமான வரி. வருமானம் வந்த நாளுக்கும் வரி கட்டும் நாளுக்கும் நடுவில் இரண்டு மாதம் என்று வையுங்கள். மாதம் 50 சதவீதத்தில் விலை அதற்குள் 2.25 மடங்கு. கஜானாவுக்கு வருவது பாதிக்கும் குறைவான மதிப்பு. அந்த ஓட்டையை அடைக்க இன்னும் அச்சடிக்கிறார்கள், ஓட்டை இன்னும் பெரிதாகிறது. ஒலிவேராவும் டான்சியும் தனித்தனியாக எழுதியது இதை. செய்னியரேஜ் கணக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் இந்த இழப்பு கண்ணில் படாது.

ஒற்றைப்பனை

முதல் காரணத்தை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து மாதமாக நோட்டு கையில் எரிவதைப் பார்த்த மக்கள் இன்னும் பழைய எண்ணையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்களா? எதிர்பார்ப்பு அப்படி முட்டாள்தனமாக இருக்காது என்று வைத்து 1977-இல் சார்ஜென்ட் α-வைத் திரும்ப மதிப்பிட்டார். பிழை வரம்பு அவ்வளவு அகலமாக வந்தது. உச்சத்தைத் தாண்டினார்கள் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, தாண்டவில்லை என்றும் சொல்ல முடியாது.

பழைய_கணக்கன்

அதை மறுக்க மாட்டேன். 5.46-ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உச்சம் ஒன்று உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது 20-லா 40-லா என்று கேட்டால் கையை விரிப்பேன்.

தென்றல்77

நிறுத்திய பிறகு என்ன ஆனது என்பதைப் பற்றி ஒன்று. 1923 நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் வந்தது, ஒரு லட்சம் கோடி காகித மார்க்குக்கு ஒன்று. விலை அப்படியே நின்றது. ஆனால் அதற்குப் பிறகும் பணம் நிறுத்தாமல் கூடிக்கொண்டுதானே இருந்தது? ஒரு வருடம் முன்னால் ஆஸ்திரியாவிலும் அதே கதை, விலை நின்ற பிறகு நோட்டுப் புழக்கம் பல மடங்கு பெருகியது. அச்சடித்தால் விலை ஏறும் என்ற என் முதல் வரி அங்கே மண்ணைக் கவ்வுகிறது. இதை நான் சொல்ல நேர்ந்ததே!

பழைய_கணக்கன்

நேர்மையான ஆள் நீங்கள். அது இந்த இழையின் சமன்பாடு தலைகீழாக நிற்கும் இடம். பணவீக்கத்தின்போது மெய் இருப்பு சுருங்கியது, அதனால் செய்னியரேஜ் வரியைவிடக் குறைவு. விலை நின்றதும் மக்கள் மறுபடி நோட்டைப் பிடித்துவைக்கத் துணிந்தார்கள், மெய் இருப்பு விரிந்தது. வரி கிட்டத்தட்டச் சுழியம், செய்னியரேஜ் தாராளம். பானையை இப்போது நிரப்புகிறார்கள், ஓட்டை அடைபட்டுவிட்டது.

ஜெர்மனியில் புதிய ரென்டன்வங்கி அரசுக்குக் கொடுக்கக்கூடிய கடனுக்கு 120 கோடி ரென்டன்மார்க் என்று உச்சவரம்பு வைத்தார்கள். மத்திய வங்கியான ரைஷ்பேங்க் அரசின் கருவூல உண்டியலை எடுத்துக்கொண்டு நோட்டுக் கொடுப்பதும் நின்றது. மக்கள் நம்பியது தாளின் நிறத்தை அல்ல, அந்த வரம்பை என்பது என் கருத்து.

ஒற்றைப்பனை

அப்படியானால் இதற்கும் பதில் சொல்லுங்கள். 2008 கடைசியில் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் அடிப்படைப் பணம் சில மாதத்தில் ஏறத்தாழ இரட்டித்தது. விலை ஏறவில்லை. உங்கள் சமன்பாட்டில் போட்டால் மெய் இருப்பு இரட்டித்தது, அரசுக்குப் பிரமாண்டமான செய்னியரேஜ் என்று வரும். கூடியது பெரும்பாலும் வங்கிகளின் கையிருப்பு. அதே 2008 அக்டோபர் முதல் அந்தக் கையிருப்புக்கு ஃபெடரல் ரிசர்வ் வட்டி கொடுக்கத் தொடங்கியது. வட்டி கொடுக்கும் பொறுப்பு பணமா, கடனா? என்னைக் கேட்டால் அது ஒரே இரவு தவணையுள்ள அரசுக் கடன். அதைச் செய்னியரேஜில் சேர்க்கவே கூடாது.

பழைய_கணக்கன்

நான் மேலே ‘வட்டியில்லாப் பொறுப்பு’ என்று எழுதியதற்குக் காரணம் அதுதான். ஆனால் முழுவதுமாகத் தூக்கி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை. சந்தை வட்டி 5, கையிருப்புக்கு 3 கொடுக்கிறார்கள் என்றால் அந்த 2 அரசுக்கு மிச்சம்தானே? புதிய பணத்தை எண்ணாமல், ஒவ்வொரு வருடமும் மிச்சமாகும் வட்டியை எண்ணும் முறை அங்கே பொருந்தும். நோட்டுக்கு முழு 5, கையிருப்புக்கு 2.

ஒற்றைப்பனை

கையிருப்பை வைத்தே தீர வேண்டும் என்று வங்கிகளைக் கட்டாயப்படுத்தினால் அந்த 2 வரி, ஒப்புக்கொள்கிறேன். தானாக விரும்பி வைத்தால் அது சேவைக்கான கட்டணம். கட்டணத்தை வரி என்று எழுத மாட்டேன்.

பழைய_கணக்கன்

நோட்டையும்தான் விரும்பி வைக்கிறோம்.

ஒற்றைப்பனை

நோட்டுக்கு மாற்று கிடையாது. இதை நாம் இங்கே முடிக்கப் போவதில்லை.

சல்லிவேர்

நீங்கள் சண்டை போடுங்கள், நான் என் நிரலில் நோட்டையும் கையிருப்பையும் தனித்தனி வரிசையாகப் பிரித்துவிட்டேன். யார் எதைச் சேர்க்க வேண்டுமோ சேர்த்துக்கொள்ளலாம். ஒரு தொந்தரவு: சில நாடுகளின் தரவில் அடிப்படைப் பணம் ஒரே வரியாகத்தான் இருக்கிறது, பிரித்துத் தருவதில்லை.

பழைய_கணக்கன்

மத்திய வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தைத் திறங்கள். புழக்கத்தில் உள்ள நோட்டு எப்போதும் தனி வரிசையாக இருக்கும். அடிப்படைப் பணத்திலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் ஏறக்குறைய வங்கிக் கையிருப்பு. அரசின் சொந்தக் கணக்கில் கிடக்கும் வைப்பு தனி வரியாக இருக்கும், அதைக் கையிருப்போடு கலந்துவிடாதீர்கள்.

எண்ணிலி

உட்பிரிவுக்கு ஒரு சொந்த உதாரணம் போட்டுப் பார்த்தேன். விலை நின்ற பிறகான வருடம்: பணம் 400-லிருந்து 800, விலை 2-லேயே நிற்கிறது. செய்னியரேஜ் 400/2, அதாவது 200. வரி 0. மெய் இருப்பு 200-லிருந்து 400, மாற்றம் 200. ஒத்துப்போகிறது. அடுத்த வருடமும் பணத்தை இரட்டித்தால் இன்னும் 400 கிடைக்குமா?

பழைய_கணக்கன்

மக்கள் 400-க்கு மேல் மெய் இருப்பு வைத்துக்கொள்ள விரும்பாவிட்டால் அடுத்த முறை நகர்வது விலை. விலை 4, பணம் 1600. 800-ஐ 4-ஆல் வகுத்தால் 200, அதுவும் முழுக்க வரி. நிரப்புதல் ஒரு முறைதான் நடக்கும்.

கறிவேப்பிலை

மச்சானிடம் இந்த இழையைக் காட்டினேன். “அப்போ உனக்கு நஷ்டம் வந்தது என்னால்தான், அரசாங்கத்தால் இல்லை” என்று பெருமையாகச் சொல்கிறார். பணம் வரவில்லை.